செவ்வாய்க்கிழமை ஷட்டர் திறக்காது

தனியாளாகப் பார்லர் நடத்துகிற எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள்: "நீ ஒரு நாள் பூட்டினா அடுத்த தெரு பார்லருக்குப் போயிருவாங்க. போனவங்க திரும்ப வரமாட்டாங்க." எனக்கு இதைச் சொன்னவர், நான் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தபோது சொல்லிக்கொடுத்த மேடம். அவருடைய கடையில் உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்ப்பார். திருப்பூரில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, நூலும் வேக்ஸ் ஹீட்டரும் ஒற்றை நாற்காலியுமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பது ரொம்ப நாளாகவே மனதில் நெருடிக்கொண்டிருந்தது.

நெருடியதற்குக் காரணம் கழுத்து. த்ரெட்டிங் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூலின் ஒரு முனை பல்லில், மறு பக்கம் இரண்டு கையில், கழுத்து முன்னால் குனிந்தபடி ஒரே நிலையில் நிற்கும். ஒரு ஐப்ரோவுக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வந்தால் அதே நிலையில் அரை நாள் போய்விடும். நான் முதலில் கவனித்தது வலியை இல்லை, வேலையின் தரத்தை. சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் செய்த புருவங்களில் நூல் அடிக்கடி அறுந்தது, தோலைக் கவ்வியது, இடது புருவம் வலதைவிட மெலிந்தது. காலையில் வந்திருந்தால் இதே வாடிக்கையாளருக்கு அப்படி ஆகியிருக்காது. வேக்ஸின் சூட்டை முதலில் என் மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். இரவானால் அதையும் கை தாண்டிப் போய்விடுகிறது. உடம்பு ஓய்ந்துவிட்டதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள், "இல்லை" என்றுதான் பதில் வரும். நாளின் கடைசி மூன்று வாடிக்கையாளர்களின் புருவத்தைப் பாருங்கள்.

அப்புறம்தான் நோட்டைத் திருத்தினேன். எல்லோரும் அப்பாயின்ட்மென்ட் நோட்டு வைத்திருப்போம். அதில் பெயர், வேலை, பணம் இருக்கும். நான் கூடுதலாக இரண்டு விஷயம் எழுத ஆரம்பித்தேன்: வந்த நேரம், போன நேரம். அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்த நேரம் அதிலிருந்து தானாகத் தெரிந்துவிடும். இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை கடை திறந்திருந்ததற்குப் பெரும்பாலும் இரண்டு ஐப்ரோ, சில நாள் ஒன்று. ஐம்பது ரூபாய் வீதம் நூறு ரூபாய். ஏசிக்கும் லைட்டுக்கும் கரண்டு போக மிச்சம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஒன்றரை மணி நேரத்தில் பகலில் ஒரு ஃபேஷியல் முடிந்து, நடுவில் ஒரு டீயும் குடித்திருக்கலாம்.

வாடகைப் பயத்தையும் அப்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன். "வாடகை முப்பது நாளுக்கும் கொடுக்கிறோம், நாம் மட்டும் லீவு விடலாமா" என்று எல்லோரும் கேட்போம். மாதம் ஒன்பதாயிரம் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளும் திறந்தால் நாளுக்கு முன்னூறு. வாரம் ஒரு நாள் பூட்டி இருபத்தாறு நாள் திறந்தால் நாளுக்கு முன்னூற்று நாற்பத்தாறு. வித்தியாசம் நாற்பத்தாறு ரூபாய், ஒரு ஐப்ரோகூட இல்லை. வாடகையைக் காட்டி நம்மை நாமே மிரட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வாடகைக் கணக்கு சரியாக வந்துவிட்டால் வாடிக்கையாளர் பயம் போய்விடுமா? போகவில்லை. அதை ஒரு பெண் போக்கினார்.

செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண் சொன்னது

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஷிஃப்ட் தெரியும். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிஃப்ட் முடியும். ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரை வரை, அது ஒன்றரை ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் ஒரு பெண் ஒன்றரை ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருவார். அப்போதெல்லாம் நான் நினைத்த அன்று சீக்கிரம் பூட்டுவேன், உடம்பு தாங்கினால் பத்து மணி வரைகூட இருப்பேன். விசேஷம், ஆஸ்பத்திரி, கழுத்துவலி என்று ஏதாவது ஒன்றுக்காக வாரத்தில் ஒரு பகலோ மாலையோ எப்படியும் மூடியிருக்கும். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது.

ஒரு நாள் வந்து உட்கார்ந்தவர் கோபமில்லாமல்தான் சொன்னார். "அக்கா, நீங்க லீவு உட்றதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. என்னைக்கு இருக்கமாட்டீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க, அன்னைக்கு நான் வர்றதில்ல. கம்பெனியில இருந்து நடந்து வந்து ஷட்டரப் பாத்துட்டுத் திரும்பப் போறதுதான் சங்கடமா இருக்குது."

எனக்கு விஷயம் அங்கேதான் புரட்டிப்போட்டாற்போல ஆனது. எப்போதும் திறந்திருக்கும் கடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் பார்வையில் எப்போது மூடியிருக்கும் என்று தெரியாத கடை. வாரத்தில் ஒரு நாள் நிச்சயமாக மூடியிருக்கும், மற்ற ஆறு நாள் நிச்சயமாகத் திறந்திருக்கும் என்றால் அவர் ஒரு தடவைகூட வீணாக நடக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிறவர்கள் லீவுக்காகப் போவதில்லை, இரண்டாவது தடவை பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இதில் வேடிக்கை, 1947இல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே இதைத்தான் சொல்கிறது. வாரத்தில் ஒரு நாள் கடை முழுதாக மூடியிருக்க வேண்டும், அது எந்த நாள் என்று கடைக்காரர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் வருஷம் முழுக்கத் திறக்கலாம் என்று அரசாணை வந்தது. அங்கே ஆட்களை மாற்றிவிடலாம். என் கடையில் மாற்றிவிட என் வலது கைக்கு இடது கைதான் இருக்கிறது.

எந்த நாள் என்பதில் எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் சலூன்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் செவ்வாய்க்கிழமை மூடித்தான் இருக்கும், சனங்களுக்கு அது பழகிய நாள். செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்டமாட்டோம் என்கிற வீடுகள் இன்னமும் நிறைய. செவ்வாயில் வருகிறவர்கள் யார் என்று நோட்டைப் பார்த்தால் வேக்ஸிங்கும் ஃபேஷியலும்தான், அதுவும் பெரும்பாலும் பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள். அவர்களுக்குத் திங்களோ புதனோ ஒன்றுதான். வேறு நாளே கிடைக்காதவர்கள் ஞாயிறில்தான் இருந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஞாயிறு லீவு விடச் சொன்னபோதும் நான் ஒப்புக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். பிள்ளைகளோடு இருக்க ஞாயிறுதான் வசதி என்பது உண்மை. அதற்காக ஞாயிறை இரண்டாக வெட்டினேன்: காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை கடை, பிறகு வீடு. உங்கள் கடைக்கு ஐடி கம்பெனிக்காரர்களோ கல்லூரிப் பெண்களோ வருகிறார்கள் என்றால் இந்த விடை மாறும். ஒரு மாத நோட்டில் கிழமை வாரியாகக் கூட்டிப் பார்த்தால், எந்த நாள் மெலிவு என்பதோடு, அந்த நாளில் வருகிறவர்களால் வேறு நாள் வர முடியுமா என்பதும் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் முக்கியம்.

மூடும் நேரம் அல்ல, கடைசியாகத் தொடங்கும் நேரம்

லீவு நாளைவிட எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. போர்டில் "இரவு 8 வரை" என்று எழுதுகிறோம். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் வந்து "ரூட் டச்அப் பண்ணணும்" என்கிறார். போர்டின்படி அவர் சரியான நேரத்தில் வந்திருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பினால் அவருக்குக் கோபம், உட்கார வைத்தால் நமக்கு இரவு பத்து மணி. சண்டையே போர்டில் எழுதியிருக்கும் நேரத்தால்தான்.

அதனால் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். எட்டுக்கு ஷட்டர் இறங்க வேண்டும். பெருக்கி, துண்டுகளை ஊற வைத்து, வேக்ஸ் ஹீட்டரைத் துடைத்து, கணக்கெழுத இருபது நிமிடம். ஆகவே கடைசி வாடிக்கையாளர் 7.40க்கு எழுந்திருக்க வேண்டும். ஐப்ரோவும் அப்பர்லிப்பும் சேர்த்துப் பேச்சு உட்படக் கால் மணி நேரம் என்றால் கடைசியாகத் தொடங்குவது 7.25. ஃபேஷியலுக்கு ஒண்ணேகால் மணி நேரம், ஆகவே 6.25க்குப் பிறகு கிடையாது. ரூட் டச்அப்பில் கலந்து பூச நாற்பது, ஊற முப்பத்தைந்து, அலசிக் காய வைக்க இருபத்தைந்து, மொத்தம் நூறு நிமிடம், ஆகவே ஆறு மணி. இந்தச் சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். வாதாடுகிறவர்கள் இப்போது என்னோடு வாதாடுவதில்லை, சீட்டைப் படித்துவிட்டு "அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்கிறார்கள்.

ஸ்மூத்தனிங் தனி. நீளமான, அடர்த்தியான முடிக்கு நாலு மணி நேரத்துக்குக் குறைந்து எனக்கு முடிந்ததில்லை, ஐந்தும் ஆகும். தலை அலசி, க்ரீம் பூசி, ஊற வைத்து, அலசி, முழுக்கக் காய வைத்து, மெல்லிய பகுதி பகுதியாக அயர்ன் போட்டு, நியூட்ரலைசர் வைத்து, மறுபடி அலசி உலர்த்த வேண்டும். இதில் க்ரீம் ஊறும் நேரம்தான் ஆபத்து. நடுநடுவே ஒரு முடியை எடுத்து இழுத்துப் பார்த்து, எவ்வளவு இளகியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். கூடுதலாக ஊறிவிட்டால் முடி ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும், அதற்கு மருந்தே இல்லை. ஊறுகிற அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் "ஒரே ஒரு ஐப்ரோ, அஞ்சு நிமிஷம்" என்று நிற்பார். ஐந்து நிமிடம் பதினைந்தாகும். தனியாளாக இருப்பவருக்கு அந்த ஐம்பது ரூபாய் நாலாயிரம் ரூபாய் வேலையையும் ஒரு பெண்ணின் தலைமுடியையும் பணயம் வைப்பது. நான் ஸ்மூத்தனிங்கைப் புதன் அல்லது வியாழன், காலை பதினொன்றுக்கு, வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அன்று நாலு மணி வரை வேறு பெயர் நோட்டில் ஏறாது. அன்று மதியச் சாப்பாடு தாமதமாகும் என்பதால் மறுநாள் காலையில் அரை மணி நேரம் தாமதமாகத் திறக்கிறேன்.

இதெல்லாம் கடுமையாகத் தோன்றலாம். அதனால் தினமும் மாலை நாலரைக்கு அரை மணி நேரத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க" என்று திடீரென்று ஓடி வருகிறவர்களுக்கு அது. மாப்பிள்ளை வீட்டார் நமக்கு மூன்று நாள் முன்னால் தகவல் சொல்வார்களா என்ன? அவசரத்துக்கு இடம் பகலிலேயே இருப்பதால் இரவில் கதவு தட்டும் தேவை குறைந்தது. யாரும் வராத நாளில் அந்த அரை மணி நேரம் கழுத்துக்கு.

ஒன்றரை ஷிஃப்ட் பெண்களை மட்டும் எட்டு மணிக் கணக்கில் அடைக்க முடியாது. அவர்கள் வெளியே வருவதே எட்டரைக்கு. அவர்களுக்காகச் சனிக்கிழமை மட்டும் ஒன்பதரை வரை. கையில் சம்பளமும் இருக்கும், கூட்டமும் இருக்கும், எனவே அந்த ஒன்றரை மணி நேரம் சும்மா போவதில்லை. ஆறு இரவுகளில் சிதறிக் கிடந்த ஐப்ரோக்கள் ஒரே இரவில் சேர்ந்துவிட்டன.

எப்படிச் சொன்னேன், யார் போனார்கள்

போர்டு மாட்டுவது மட்டும் போதாது, போர்டைப் பார்க்க அவர்கள் கடை வரை வர வேண்டுமே. அந்தச் செக்கிங் பெண்ணின் புகாரே அதுதான். போனில் WhatsApp Business வைத்திருப்பவர்கள் Business hours-இல் நேரத்தைப் போட்டு, Away message-ஐ வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வைத்துவிடலாம். என்னுடையது இவ்வளவுதான்: "இப்போ கடை மூடியிருக்குங்க, செவ்வாய் லீவு. பெயரும் வேலையும் அனுப்பி வையுங்க, நேரம் சொல்றேன்." மன்னிப்பும் காரணமும் அதில் இல்லை. காரணம் எழுதினால் அந்தக் காரணத்தோடு பேரம் பேசுவார்கள். கூகுள் மேப்பில் கடை இருந்தால் அங்கேயும் செவ்வாய் மூடல் என்று மாற்றிவிடுங்கள், புது ஆட்கள் அதை நம்பித்தான் வருகிறார்கள்.

இதைவிடப் பலன் தந்தது, எழுந்து போகும்போதே அடுத்த தேதியைச் சொல்வது. ஐப்ரோ மூன்று நாலு வாரத்தில் வளர்ந்துவிடும், வேக்ஸிங் ஒரு மாதம், ரூட் டச்அப் ஒன்றரை மாதத்துக்குள். "இருபத்தி மூணாந்தேதி வியாழன் வர்றீங்களா?" என்று நாமே கேட்டுவிட்டால் செவ்வாய் என்ற பேச்சே எழாது. பல பேருக்கு நான் செவ்வாய் லீவு விடுகிறேன் என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் வாரத்தில் வருமானம் குறைந்தது. முதல் வாரத்தை வைத்து முடிவெடுத்திருந்தால் செவ்வாயைத் திரும்பத் திறந்திருப்பேன். ஆனால் நம் தொழிலில் முடி வளர்கிற வேகம்தான் காலண்டர். ஒருவர் நம்மை விட்டுப் போய்விட்டாரா என்று தெரிய அவருடைய புருவம் இரண்டு சுற்று வளர்ந்தாக வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம். அது வரை காத்திருந்து நோட்டின் பழைய பக்கங்களை எடுத்து, திரும்ப வராத பெயர்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டேன். செவ்வாய்க்காரர்களில் பெரும்பாலானோர் திங்களிலும் புதனிலும் இருந்தார்கள். போனவர்கள் இரவு ஒன்பதுக்கு மேல் வருகிற சிலர். அதில் ஒருவர் எனக்குப் பிடித்தமானவர், நன்றாகக் கதை பேசுவார். வருத்தம்தான். ஆனால் அவருக்காக ஆறு இரவும் திறந்து வைக்க முடியாது.

கல்யாண வேலைதான் இந்த ஏற்பாட்டை அடிக்கடி அசைத்துப் பார்க்கிறது. முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் மணப்பெண்ணின் முன்னால் மூன்று மணிக்கே நான் நிற்க வேண்டும், அதற்கு இரண்டு மணிக்கு எழ வேண்டும். முன்பு மண்டபத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து பத்து மணிக்குத் திறப்பது வழக்கம். இப்போது மணப்பெண் வேலை இருக்கிற நாளில் கடை மதியம் மூன்றுக்குத்தான் திறக்கும், இழக்கிற அரை நாளின் வருமானமும் மேக்கப் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். வருஷ ஆரம்பத்தில் தினசரி காலண்டர் வந்ததும் முகூர்த்த நாட்களை நோட்டில் முதலிலேயே குறித்துவிடுகிறேன். செவ்வாயில் கல்யாணம் அபூர்வம் என்பது நமக்கு வசதி.

வருஷ லீவும் அந்தக் காலண்டரில்தான் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. தீபாவளிக்கு முன் வாரம் போனஸ் வாங்கிய கையோடு ஊரே வரும், அந்த வாரம் செவ்வாயும் திறப்பேன், அதை முன்கூட்டியே எழுதி ஒட்டுவேன். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து திருப்பூர் காலியாகிவிடும். கம்பெனிகள் பூட்டு, தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், பஸ் ஸ்டாண்டே வெறிச்சென்று இருக்கும். அப்போது ஒரு வாரம் முழுக்கப் பூட்டினால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. அந்த வாரத்தில் யாரும் வராத கடையைத் திறந்து வைத்து, தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்களும் உண்டு.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை, ஞாயிறு காலை எட்டு, இந்த இரண்டுக்கும் நடுவில் தூக்கம் போதவில்லை என்பது மட்டும் இன்னும் தீராத விஷயம். ஞாயிறைப் பத்து மணிக்குத் தள்ளினால் மதியத்துக்கு மேல் இழுக்கும். சனி இரவை எடுத்துவிட்டால் ஒன்றரை ஷிஃப்ட் பெண்களுக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கிறது. வெள்ளியைப் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து, வாரக் கடைசிக்கு முன்னால் ஒரு அரை நாளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு வெள்ளிக் காலையில் வருகிறவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வரப்போகிறேன்.